செருப்புக்கு 5 சதவீதம், மூலப்பொருளுக்கு 18 சதவீதம்: தேங்கிய வரி வரவைத் திரும்பப் பெறும் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு ஜோடி 2,500 ரூபாய்க்கு மேற்படாத விலையில் விற்கும் காலணிகளுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய நாள் வரை, 1,000 ரூபாய்க்கு மேற்படாத காலணிக்கு 12 சதவீதமும் அதற்கு மேற்பட்ட காலணிக்கு 18 சதவீதமும் வரி இருந்தது. வாங்குபவருக்கு இது விலைக் குறைப்பு. ஆனால் செருப்பின் அடிப்பாகத்தை வார்க்கப் பயன்படும் பாலியால், ஐசோசயனேட் போன்ற ரசாயனங்களுக்கான வரி 18 சதவீதத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே செருப்பு செய்பவர் கொள்முதலில் அதிக விகிதத்தில் வரி கட்டுகிறார், விற்பனையில் குறைந்த விகிதத்தில் வசூலிக்கிறார். கொள்முதலில் கட்டிய வரி அவருக்கு வரி வரவாகிறது, விற்பனையில் வசூலித்த வரிக்கு அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். ஈடுகட்டியது போக மிஞ்சும் வரவு மாதந்தோறும் அவருடைய மின்னணு வரவுப் பேரேட்டில் தேங்குகிறது. இதைத்தான் தலைகீழ் வரி அமைப்பு என்கிறோம்.

தேங்கியது முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் அப்படிக் கிடைப்பதில்லை. எவ்வளவு கிடைக்கும், எது கிடைக்காது, ஏன் கிடைக்காது என்பதை ஒரு நிறுவனத்தின் ஒரு மாதக் கணக்கைக் கொண்டு இங்கே பார்க்கிறேன். நிறுவனமும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. கணக்கு எளிதாக இருக்க எண்களை முழு எண்களாக வைத்திருக்கிறேன். ஆனால் இதில் வரும் தவறுகள் கணக்குப் பிரிவுகளில் உண்மையாகவே நடப்பவை.

நிறுவனமும் அதன் நவம்பர் மாதமும்

நிறுவனம் இரண்டு வகைக் காலணிகளைச் செய்கிறது. ஒன்று, வீட்டிலும் வெளியிலும் அணியும் சாதாரணச் செருப்பு. இதற்கு 5 சதவீத வரி. மற்றொன்று, தொழிற்சாலைகளுக்கு விற்கும் பாதுகாப்புக் காலணி. இது ஜோடி 2,500 ரூபாய்க்கு மேல் விற்பதால் 18 சதவீத வரி. 2025 நவம்பரில் செருப்பு விற்பனை 80 லட்சம், பாதுகாப்புக் காலணி விற்பனை 20 லட்சம், ஆக மொத்தம் 1 கோடி ரூபாய். ஏற்றுமதி இல்லை, வரிவிலக்குப் பொருள் விற்பனையும் இல்லை. விற்பனைமீது கட்ட வேண்டிய வரி செருப்புக்கு 4,00,000 ரூபாய், பாதுகாப்புக் காலணிக்கு 3,60,000 ரூபாய்.

அதே மாதத்தில் 45 லட்ச ரூபாய்க்கு ரசாயனமும் பிற 18 சதவீத மூலப்பொருள்களும் வாங்கியதில் 8,10,000 ரூபாய் வரி வரவு கிடைத்தது. 14 லட்ச ரூபாய்த் துணிக்கு 70,000 ரூபாயும், 4 லட்ச ரூபாய் அட்டைப்பெட்டிக்கு 20,000 ரூபாயும் வரவு. இவை இரண்டும் 5 சதவீதம். பொருள்களின் மீதான வரவு மொத்தம் 9,00,000 ரூபாய். வாடகை, வண்டிச்சத்தம், விளம்பரம், மேற்பாகத்தைத் தைத்துத் தரும் கூலி வேலை ஆகிய சேவைகளுக்கான வரவு 3,00,000 ரூபாய். புதிய வார்ப்பு அச்சுகளுக்கு, அதாவது மூலதனப் பொருளுக்கு, 90,000 ரூபாய் வரவு.

மொத்த வரவு 12,90,000 ரூபாய், கட்ட வேண்டிய வரி 7,60,000 ரூபாய். மாதத் தொடக்கத்தில் பேரேட்டில் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், நவம்பருக்கான மாதக் கணக்கான GSTR-3B தாக்கல் செய்து முடித்தபின் 5,30,000 ரூபாய் தேங்கி நிற்கும். உரிமையாளர் கேட்பது இந்த 5,30,000 ரூபாயைத்தான்.

சட்டம் எதைத் தருகிறது

மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017இன் 54(3) பிரிவு, பயன்படுத்தப்படாத வரவைத் திரும்பப் பெற இரண்டே சூழ்நிலைகளில் இடம் தருகிறது. ஒன்று, வரி கட்டாமல் செய்யும் ஏற்றுமதி போன்ற சுழிய விகித வழங்கல். மற்றொன்று, உள்ளீடுகளுக்கான வரி விகிதம் விற்பனைக்கான வரி விகிதத்தைவிட அதிகமாக இருப்பதால் வரவு தேங்குவது. இரண்டாவது வகையில் 'உள்ளீடுகள்' என்ற சொல்லே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சட்டத்தின் 2(59) பிரிவின்படி உள்ளீடு என்பது மூலதனப் பொருள் அல்லாத பொருள். சேவைக்கு உள்ளீட்டுச் சேவை என்று தனிப் பெயர் உண்டு. அச்சுகள் மூலதனப் பொருள், வாடகை சேவை. ஆகவே இரண்டும் 'உள்ளீடு' என்ற சொல்லுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் வரவை விற்பனை வரிக்கு ஈடுகட்டிக்கொள்ளலாம், பணமாகக் கேட்க முடியாது.

எவ்வளவு கேட்கலாம் என்பதை விதி 89(5) ஒரு சூத்திரமாகத் தருகிறது. 2022 ஜூலை 5 முதல் நடைமுறையில் உள்ள வடிவம் இது:

```
உச்சத் தொகை = (தலைகீழ் விற்பனை × நிகர வரவு ÷ சரிசெய்த மொத்த விற்பனை)
             − (தலைகீழ் விற்பனைக்கான வரி × நிகர வரவு ÷ (பொருள் வரவு + சேவை வரவு))
```

'நிகர வரவு' என்பது அந்தக் காலத்தில் பொருள்களுக்காக எடுத்துக்கொண்ட வரவு மட்டுமே. நம் நிறுவனத்தில் அது 9,00,000 ரூபாய். இங்கே பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். துணியும் அட்டைப்பெட்டியும் 5 சதவீதத்தில் வாங்கியவை, அவற்றில் தலைகீழ் நிலை இல்லையே, அவற்றை விட்டுவிட வேண்டாமா என்று கேட்பார்கள். விடக் கூடாது. எல்லா உள்ளீட்டுப் பொருள்களின் வரவும் நிகர வரவில் சேர வேண்டும் என்று மத்திய வரி வாரியம் தன் சுற்றறிக்கைகளில் தெளிவாக்கியிருக்கிறது. அதேபோல் பாதுகாப்புக் காலணிக்கு வாங்கிய பொருளைத் தனியே பிரித்துக் கழிக்கவும் கூடாது, ஏனெனில் அந்தப் பிரிப்பை விற்பனை விகிதமே சூத்திரத்துக்குள் செய்துவிடுகிறது. வரிவிலக்குப் பொருள் விற்பனை இல்லாததால் சரிசெய்த மொத்த விற்பனை 1 கோடி, தலைகீழ் விற்பனை என்பது செருப்பின் 80 லட்சம். ஆகவே,

```
80,00,000 × 9,00,000 ÷ 1,00,00,000   = 7,20,000
4,00,000 × 9,00,000 ÷ 12,00,000      = 3,00,000
உச்சத் தொகை                           = 4,20,000
```

பேரேட்டில் 5,30,000 ரூபாய் இருக்கிறது, திரும்பப் பெறக்கூடியது 4,20,000 ரூபாய்.

கழிக்கும் வரியைச் சுற்றி நடந்த வழக்கு

சூத்திரத்தின் இரண்டாவது அடியில் உள்ள பின்னம் முதலிலிருந்தே இருந்ததில்லை. 2022 ஜூலைக்கு முன்பு செருப்புக்கான வரி 4,00,000 ரூபாயும் முழுமையாகக் கழிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் நம் நிறுவனத்துக்கு 3,20,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும். இதன் பொருள், விற்பனை வரி முழுவதையும் பொருள் வரவிலிருந்தே கட்டியதாகவும், சேவை வரவிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை என்றும் விதி வைத்துக்கொண்டது என்பதாகும். பேரேட்டில் பொருள் வரவு, சேவை வரவு என்று தனித்தனிப் பெட்டிகள் கிடையாது. ஆகவே உண்மையில் எந்த வரவிலிருந்து வரி கட்டப்பட்டது என்று யாராலும் காட்ட முடியாது. ஆனாலும் விதி, வணிகருக்குப் பாதகமான ஒரே ஊகத்தையே பிடித்துக்கொண்டது.

இந்தப் பிரச்சினை நீதிமன்றம் சென்றது, அதுவும் ஒரு காலணி நிறுவனத்தின் வழக்காகவே. வி.கே.சி. ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில், சேவைகளின் வரவையும் திருப்பித் தர வேண்டும் என்று கூறி, அதற்குத் தடையாக இருந்த விதியைச் சட்டத்துக்கு முரணானது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வேறொரு வழக்கில், விதி செல்லும் என்று நேர் எதிரான முடிவுக்கு வந்தது. 2021 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், எம்.ஆர்.ஷா அமர்வு சென்னைத் தீர்ப்பை ஏற்றது. திரும்பப் பெறுவது சட்டம் தரும் உரிமையே தவிர அரசமைப்பு தரும் உரிமை அன்று, பொருளுக்கு மட்டும் தருவதென்று நாடாளுமன்றம் முடிவு செய்தால் நீதிமன்றம் அதை விரிக்க முடியாது என்பது அதன் அடிப்படை.

ஆனால் அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது, வணிகருக்கு அதுவே முக்கியம். சூத்திரம் சில சூழல்களில் சமமற்ற விளைவைத் தரக்கூடும் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வணிகர்கள் தரப்பு, முதலில் சேவை வரவிலிருந்தும், அது தீர்ந்தபின் பொருள் வரவிலிருந்தும் வரி கட்டப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று ஒரு வரிசையை முன்வைத்தது. அதை ஏற்றால் தராசு மறுபக்கம் சாய்ந்துவிடும். நம் எண்களில், விற்பனை விகிதப்படி செருப்புக்கு உரிய சேவை வரவு 2,40,000 ரூபாய் முதலில் கழிந்து, மீதி 1,60,000 ரூபாய் மட்டுமே பொருள் வரவிலிருந்து போகும். திரும்பப் பெறும் தொகை 5,60,000 ரூபாய் என்று வரும், பேரேட்டில் உள்ள இருப்பையே அது தாண்டிவிடும். நீதிமன்றம் தானே சூத்திரத்தை மாற்றி எழுத மறுத்து, ஜி.எஸ்.டி. மன்றம் இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதன் விளைவே 2022 ஜூலை 5 அறிவிக்கை. பொருள், சேவை இரண்டிலிருந்தும் அவற்றின் விகிதப்படி வரி கட்டப்பட்டதாக இப்போதைய விதி கொள்கிறது. நம் கணக்கில் 3,20,000 ரூபாய்க்கும் 5,30,000 ரூபாய்க்கும் நடுவே 4,20,000 ரூபாய் வந்து நிற்பதன் காரணம் இதுதான். எந்த வரவிலிருந்து வரி போனது என்று காட்ட வழியில்லாத ஒரு பேரேட்டில், விகிதப்படி பிரிப்பதே நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன்.

முதல் வரைவில் இருந்த பிழைகள்

இப்படியொரு நிறுவனத்தின் கணக்காளர் தயாரிக்கும் முதல் வரைவில் இரண்டு இடங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.

முதலாவது, சூத்திரத்தின் கடைசிப் பின்னத்தில் கீழே இருக்கும் எண். அது பொருள் வரவும் சேவை வரவும் மட்டும் சேர்ந்த 12,00,000 ரூபாய். ஆனால் GSTR-3Bஇல் தெரிவது மூலதனப் பொருளும் சேர்ந்த 12,90,000 ரூபாய், கை தன்னையறியாமல் அதையே எடுத்து எழுதிவிடும். அப்படி எழுதினால் கழிக்க வேண்டிய தொகை 2,79,070 ரூபாயாகக் குறைந்து, திரும்பப் பெறும் தொகை 4,40,930 ரூபாயாக உயர்கிறது. 20,930 ரூபாய் அதிகம். பார்த்தவுடன் சந்தேகம் வராத அளவுக்குச் சிறிய வேறுபாடு என்பதாலேயே இந்தப் பிழை பல மாதங்கள் தொடர்ந்துவிடும்.

இரண்டாவது, கூலி வேலை. மேற்பாகத்தைத் தைக்க வெளியே கொடுக்கும்போது துணி நிறுவனத்தினுடையது, தையல் மட்டுமே வெளியாருடையது. தைத்து வருவது கையில் பிடிக்கக்கூடிய பொருளாக இருப்பதால், கணக்கில் அது மூலப்பொருள் கொள்முதலாகவே பதிவாகிவிடுகிறது. ஆனால் தைப்பவர் தரும் விலைப்பட்டியலில் உள்ள குறியீடு 9988 என்று தொடங்கும். 99இல் தொடங்கும் குறியீடு எதுவானாலும் அது சேவை. சேவை வரவு 3,00,000 ரூபாயில் 1,00,000 ரூபாய் இந்தக் கூலிக்கு உரியது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பொருள் பக்கம் மாற்றிப் போட்டால் நிகர வரவு 10,00,000 ரூபாயாகி, திரும்பப் பெறும் தொகை 4,66,667 ரூபாயாகிறது. சரியான தொகையைவிட இது 46,667 ரூபாய் அதிகம். விண்ணப்பத்தோடு பதிவேற்றும் இணைப்பு B அட்டவணையில் ஒவ்வொரு விலைப்பட்டியலுக்கும் குறியீட்டைக் குறிப்பிட வேண்டும் என்பதால், அதிகாரி இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. பணம் கைக்கு வந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்டால், வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும். ஆகவே கொள்முதல் பதிவேட்டைக் குறியீட்டின்படி வரிசைப்படுத்தி, 99இல் தொடங்குபவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

வரவு எந்த மாதத்துக்கு உரியது என்பதிலும் ஒரு குழப்பம் வரும். அக்டோபர் தேதியிட்ட ரசாயன விலைப்பட்டியலை விற்றவர் தாமதமாகப் பதிவேற்ற, அது நவம்பருக்கான வரவு அறிக்கையான GSTR-2Bஇல் வந்து, வரவும் நவம்பரில் எடுக்கப்பட்டால், அது நவம்பர் மாத நிகர வரவில் சேரும். விதி பார்ப்பது பட்டியலின் தேதியை அன்று, வரவு எடுத்துக்கொண்ட காலத்தை. மாறாக, GSTR-2Bஇல் வராத பட்டியலை எந்தக் காரணம் சொல்லியும் கணக்கில் சேர்க்க முடியாது.

பேரேட்டு இருப்பு என்ற எல்லை

4,20,000 ரூபாய் என்பது சூத்திரம் தரும் உச்சம். கையில் வருவது மூன்று தொகைகளில் சிறியது: சூத்திரத்தின் தொகை, அந்த மாதக் கணக்குத் தாக்கல் செய்தபின் பேரேட்டில் நின்ற இருப்பு, விண்ணப்பிக்கும் நாளில் உள்ள இருப்பு. முதல் இரண்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்றாவதைப் பார்க்காமல் நட்டப்படுகிறவர்கள் உண்டு.

நவம்பர் கணக்கு டிசம்பர் 20க்குள் தாக்கலாகிறது. விண்ணப்பத்தை உடனே போடாமல் ஜனவரி இறுதி வரை தள்ளினால், இடையில் டிசம்பர் மாதக் கணக்கும் தாக்கலாகிவிடும். டிசம்பரில் பாதுகாப்புக் காலணி அதிகம் விற்று, மூலப்பொருள் குறைவாக வாங்கியிருந்தால், தேங்கிய வரவிலிருந்தே அந்த வரி கட்டப்பட்டு இருப்பு 3,50,000 ரூபாயாக இறங்கலாம். அப்போது நவம்பருக்குக் கேட்க முடிவது 3,50,000 ரூபாய்தான். வரவு வீணாகவில்லை, வரி கட்டப் பயன்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த 70,000 ரூபாயைப் பணமாகப் பெறும் வாய்ப்பு போய்விட்டது. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் விண்ணப்பிக்கச் சட்டம் அவகாசம் தருகிறது. நவம்பருக்கு அது 2027 டிசம்பர் 20 வரை. அந்த அவகாசத்தை நம்பிக் காத்திருப்பது பணத்தைப் பாதுகாக்காது.

திரும்பப் பெறுவதற்கான RFD-01 விண்ணப்பம் போட்டவுடன் கேட்ட தொகை பேரேட்டிலிருந்து கழிக்கப்படும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் 15 நாளில் RFD-02 ஒப்புகை வரும், குறை இருந்தால் RFD-03 குறை அறிவிப்பு வரும். முழுமையான விண்ணப்பத்தின்மீது 60 நாளில் ஆணை பிறப்பிக்க வேண்டும், தாமதத்துக்கு 6 சதவீத வட்டி உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தாக்கலாகும் தலைகீழ் வரி விண்ணப்பங்களுக்கு, அமைப்பின் இடர் மதிப்பீட்டில் சிக்காதவற்றில், 90 சதவீதத்தை முதலிலேயே தற்காலிகமாக விடுவிக்கும் நடைமுறை வந்திருக்கிறது. முன்பு ஏற்றுமதி போன்ற சுழிய விகித வழங்கலுக்கு மட்டுமே இந்த வசதி இருந்தது. நம் நிறுவனத்துக்கு அது 3,78,000 ரூபாய். அன்றாடக் கொள்முதலுக்கு வங்கிக் கடனை நம்பியிருக்கும் சிறு தொழிலுக்கு இந்தத் தொகை சீக்கிரம் வருவது பெரிய விடுதலை.

இங்கே கடைக்காரர்களைப் பற்றி ஒரு சொல். ஆகஸ்டில் 12 சதவீத வரி கொடுத்து வாங்கிய அதே செருப்பை அக்டோபரில் 5 சதவீதத்தில் விற்ற கடையிலும் வரவு தேங்கியிருக்கும். ஆனால் வாங்கியதும் விற்றதும் ஒரே பொருள், வேறுபாடு காலத்தால் வந்தது. இது தலைகீழ் அமைப்பு ஆகாது என்பது 2020 மார்ச் சுற்றறிக்கை முதல் வாரியம் கொண்டுள்ள நிலைப்பாடு. ஆகவே அந்தக் கடைக்காரர் வரவை இனிவரும் விற்பனைக்கு ஈடுகட்டிக்கொள்வதே பாதுகாப்பான வழி.

எஞ்சிய 1,10,000 ரூபாய்

4,20,000 ரூபாய் திரும்பியபின் பேரேட்டில் 1,10,000 ரூபாய் நிற்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் நிறுவனத்தின் உண்மை நிலை தெரியும். செருப்புக்கு உரிய சேவை வரவு 2,40,000 ரூபாயில், செருப்பு வரிக்குப் பயன்பட்டதாகச் சூத்திரம் கொண்டது 1,00,000 ரூபாய். மீதி 1,40,000 ரூபாய் சிக்கிக்கொள்கிறது, அச்சுகளின் 90,000 ரூபாயும் அதனோடு சேர்கிறது. பாதுகாப்புக் காலணிக்கு உரிய பொருள் வரவும் சேவை வரவும் 2,40,000 ரூபாய்தான், அதன் வரியோ 3,60,000 ரூபாய். குறையும் 1,20,000 ரூபாயைச் சிக்கிய தொகையிலிருந்து எடுத்துக் கட்டியதால்தான் எஞ்சியது 1,10,000 ரூபாயாகச் சுருங்கியது.

அதாவது 18 சதவீதப் பொருள் ஒன்றும் இருப்பதால் இந்த நிறுவனம் தப்பிக்கிறது. இதே கொள்முதலோடு 1 கோடி ரூபாய்க்கும் செருப்பு மட்டுமே விற்றிருந்தால், கட்ட வேண்டிய வரி 5,00,000 ரூபாய், திரும்பப் பெறுவது 5,25,000 ரூபாய், நிரந்தரமாகத் தேங்குவது 2,65,000 ரூபாய். அச்சு வாங்காத மாதங்களிலும் 1,75,000 ரூபாய் தேங்கிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட எந்த விற்பனையும் இல்லாததால் அது வரவு என்ற பெயரில் இருக்கும் செலவுதான், விலை நிர்ணயத்தில் அதைச் செலவாகவே சேர்க்க வேண்டும்.

இதைக் குறைக்க நிறுவனத்தின் கையில் உள்ள ஒரே பெரிய பிடி, எதைச் சேவையாக வாங்குகிறோம் என்பது. துணியைக் கொடுத்துத் தைத்து வாங்குவதற்குப் பதிலாக, தைப்பவரே துணி வாங்கித் தைத்து, முடிந்த மேற்பாகத்தைப் பொருளாக விற்றால், அந்தப் பட்டியலின் வரி முழுவதும் நிகர வரவில் சேரும். ஆனால் அதற்குத் தைப்பவர் உண்மையிலேயே துணி வாங்கும் வசதி உள்ளவராக இருக்க வேண்டும், பட்டியல் மட்டும் மாறி வேலை பழையபடியே நடந்தால் அது ஆய்வில் நிற்காது. துணிக்கு 5 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் மேற்பாகத்தின் முழு விலைக்கும் அதற்குரிய விகிதத்தில் வரி கொடுத்து, அது திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டும். சிக்கும் சேவை வரவு எவ்வளவு குறைகிறது, கூடுதலாக முடங்கும் பணத்துக்கு வட்டி எவ்வளவு என்ற இரண்டையும் மூன்று மாதக் கணக்கில் எதிரெதிரே எழுதிப் பார்த்த பிறகே இந்த நிறுவனம் தையல்காரரோடு புதிய ஏற்பாட்டைப் பேச வேண்டும்.